விற்றது யார், மீதி டோக்கன் எங்கே போனது?

கேள்வி: சார், ஒரு டெக்ஸ்ல சின்ன டோக்கன் ஒண்ணு வாங்கினேன். விலை 20 சென்ட்னு காட்டுச்சு, 2,000 யுஎஸ்டிசி போட்டேன், 10,000 டோக்கன் வரும்னு பார்த்தா 8,616 தான் வந்துச்சு. ஸ்லிப்பேஜ் 5% வெச்சிருந்தேன். அங்க வாங்குறவர் விற்கிறவர் பட்டியலே இல்லையே, எனக்கு வித்தது யாரு? மீதி எங்க போச்சு? இப்போ வாலட்ல 2,064 டாலர்னு காட்டுது, அப்போ லாபம்தானே? நண்பர் ஒருத்தர் இதை அப்படியே பூல்ல போட்டா கமிஷன் வரும்ங்கிறார், போடலாமா? டிரான்ஸாக்ஷன் எண் கீழே இருக்கு.

பதில்:

எண்ணை வைத்து, உங்கள் டிரான்ஸாக்ஷன் பதிவான அந்த பிளாக்கையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் எடுத்துப் பார்த்தேன். உங்களுக்குக் குறைந்தது 1,384 டோக்கன். அது மூன்று இடங்களில் போயிருக்கிறது. முதலில், விற்றது யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

உங்களுக்கு யாரும் விற்கவில்லை. பங்குச் சந்தையிலோ சாதாரண கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலோ நீங்கள் வாங்கும்போது எதிர்ப்பக்கம் ஒருவர் "இந்த விலைக்கு இவ்வளவு தருகிறேன்" என்று முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைத்திருப்பார். பெரும்பாலும் அது மார்க்கெட் மேக்கர் நிறுவனம் ஒன்றின் கம்ப்யூட்டராக இருக்கும், விலை கொஞ்சம் அசைந்தாலும் பழைய ஆர்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டே இருக்கும். எத்தேரியத்தில் இதை அப்படியே செய்ய முடியாது, ஏனென்றால் செயினில் ஒரு ஆர்டரைப் பதிவதற்கும் காசு, ரத்து செய்வதற்கும் காசு, அதுவும் சுமார் 12 நொடிக்கு ஒரு பிளாக் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த 12 நொடியில் வெளிச் சந்தையில் விலை நகர்ந்துவிட்டால் போட்டு வைத்த ஆர்டர் நஷ்டத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஆர்டர் புத்தகமே வேண்டாம், இரண்டு காசையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்து, பெட்டியே ஒரு சூத்திரத்தின்படி விலை சொல்லட்டும் என்ற யோசனை வந்தது. விட்டாலிக் புட்டெரின் 2016-ல் இதைப் பற்றி எழுதினார், ஹேடன் ஆடம்ஸ் அதை எடுத்துக்கொண்டு யூனிஸ்வாப்பாகக் கட்டி 2018 நவம்பரில் வெளியிட்டார். நீங்கள் வாங்கிய தளம் அதன் இரண்டாம் பதிப்பு, அதாவது 2020 மே மாதம் வந்த வி2-வின் கணக்கையே எடுத்துப் பயன்படுத்துகிறது. சின்ன டோக்கன்களில் நிறைய இன்றைக்கும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அந்தப் பெட்டிதான் பூல். உங்கள் விஷயத்தில், அன்று அதில் 20,000 யுஎஸ்டிசியும் 1,00,000 டோக்கனும் இருந்தன. இரண்டையும் யாரோ சிலர் சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். விலை 20 சென்ட் என்று திரையில் பார்த்தீர்களே, அதை யாரும் நிர்ணயிக்கவில்லை. 20,000-ஐ 1,00,000-ஆல் வகுத்தால் வருவது அது, அவ்வளவுதான்.

இப்போது சூத்திரம். இரண்டு இருப்பையும் பெருக்கினால் வரும் எண், ஒருவர் வாங்கும்போதோ விற்கும்போதோ குறையக் கூடாது. x × y = k என்று எழுதுவார்கள். உங்கள் பூலில் 20,000 பெருக்கல் 1,00,000, அதாவது 200 கோடி. நீங்கள் 2,000 யுஎஸ்டிசி போடும்போது முதலில் 0.3% கட்டணம், 6 யுஎஸ்டிசி, ஒதுக்கப்படுகிறது. மீதி 1,994-ஐ வைத்துத்தான் கணக்கு. கணக்குக்குப் பெட்டியில் யுஎஸ்டிசி 21,994. பெருக்குத்தொகை 200 கோடியாகவே நிற்க வேண்டுமென்றால் டோக்கன் எவ்வளவு மிஞ்ச வேண்டும்? 200 கோடியை 21,994-ஆல் வகுங்கள், 90,934 வரும். அப்படியானால் பெட்டி உங்களுக்கு விடக்கூடியது 9,066 டோக்கன். கான்ட்ராக்டில் இருப்பதும் இதே கணக்குதான், பின்ன எண்கள் இல்லாமல் இருக்க 997, 1000 என்று எழுதியிருப்பார்கள்:

```
amountInWithFee = amountIn * 997
amountOut = amountInWithFee * reserveOut
            / (reserveIn * 1000 + amountInWithFee)
```

இங்கே கவனிக்க வேண்டியது, யாரும் உங்களை ஏமாற்றாமலேயே 10,000 என்பது 9,066 ஆகிவிட்டது. 20 சென்ட் என்பது முதல் டோக்கனுக்கு மட்டும்தான் விலை. ஒவ்வொரு டோக்கனாக வெளியே வர வர, பெட்டியில் டோக்கன் குறைந்து யுஎஸ்டிசி ஏறுகிறது, அடுத்த டோக்கனின் விலை கொஞ்சம் உயர்கிறது. கடைசி டோக்கன் வெளியே வரும்போது 24 சென்ட் ஆகியிருக்கும், சராசரியாகப் பார்த்தால் 22 சென்ட் கொடுத்திருப்பீர்கள். திரையில் `Price impact` என்று சிவப்பில் வருவது இதுதான். இதற்கு மனக்கணக்கு ஒன்று உண்டு: நீங்கள் போடும் தொகையை, பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் அதே காசோடு சேர்த்து வகுங்கள். 2,000 வகுத்தல் 22,000, 9.09%. அதாவது ஏறத்தாழ 909 டோக்கன் இதிலேயே போயிற்று, கட்டணத்தில் போனது வெறும் 25. நிறைய பேர் 0.3%, 0.3% என்று கட்டணத்தைப் பார்த்து யோசிக்கிறார்கள், சின்னப் பூலில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பூலில் 1%-க்குள் வாங்கியிருக்க வேண்டுமென்றால் 200 யுஎஸ்டிசிக்கு மேல் போட்டிருக்கக் கூடாது.

சிலர் "இரண்டாகப் பிரித்து ஆயிரம் ஆயிரமாக வாங்கியிருக்கலாமே" என்பார்கள். அடுத்தடுத்து வாங்கினால் கிட்டத்தட்ட அதே 9,066 தான் வரும், சூத்திரம் அப்படி. பிரித்து வாங்குவது எப்போது உதவும் என்றால், நடுவில் வேறு யாராவது வந்து விலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால். ஈத்தர் மாதிரி பத்து இடத்தில் விற்கும் ஒன்றாக இருந்தால் அது தானாக நடக்கும்: இந்தப் பெட்டியில் விலை ஏறிவிட்டது, வெளியே இன்னும் பழைய விலை என்று பார்த்தவுடன் யாராவது வெளியே வாங்கி வந்து இங்கே விற்று, வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு போவார். ஆர்பிட்ரேஜ் என்பது இதுதான். வெளியுலக விலை எவ்வளவு என்று பூலுக்குத் தெரியாது, அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே இவர்கள்தான். உங்கள் டோக்கன் இந்த ஒரு பூலைத் தவிர எங்கும் விற்பதாகத் தெரியவில்லை. அதனால் நீங்கள் ஏற்றிய விலை அப்படியே நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சரி, 9,066 எப்படி 8,616 ஆனது? இங்கேதான் எனக்கு மனம் கொஞ்சம் வருத்தப்பட்டது, ஏனென்றால் இதை நீங்கள் முழுமையாகத் தவிர்த்திருக்கலாம்.

நீங்கள் கன்ஃபர்ம் அழுத்தியவுடன் அது நேராக பிளாக்குக்குள் போவதில்லை. முதலில் ஒரு பொதுக் காத்திருப்பு வரிசையில் நிற்கிறது, அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் டிரான்ஸாக்ஷன் வரியில் எழுதியிருந்தது என்ன? "2,000 யுஎஸ்டிசி தருகிறேன், குறைந்தது 8,612 டோக்கன் வந்தால் போதும்." அந்த 8,612 என்பது 9,066-ல் 5% கழித்தது, நீங்கள் வைத்த ஸ்லிப்பேஜ். திரையில் `Minimum received` என்ற இடத்தில் இதே எண் வந்திருக்கும். "8,612 வரை குறைந்தாலும் வாங்கிக்கொள்வேன்" என்று நீங்களே எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டீர்கள், அதைப் படிப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஒரு பாட், அதாவது தானாக இயங்கும் புரோகிராம், படித்துவிட்டது.

அதே பிளாக்கில், உங்களுக்கு ஒரு வரி மேலே, வேறொரு முகவரியிலிருந்து 540 யுஎஸ்டிசிக்கு இதே டோக்கன் வாங்கியிருக்கிறார்கள். 2,621 டோக்கன் போயிருக்கிறது. பெட்டியில் டோக்கன் 97,379 ஆகக் குறைந்து, யுஎஸ்டிசி 20,540 ஆகியிருக்கிறது. அந்த ஏறிய விலையில் உங்கள் வரி ஓடியது, 8,616 வந்தது. உங்கள் 2,000 உள்ளே போனதும் விலை இன்னும் ஏறிவிட்டது இல்லையா, உடனே அடுத்த வரியில் அதே முகவரி தன் 2,621 டோக்கனை விற்று 644 யுஎஸ்டிசி எடுத்துக்கொண்டது. 540 போட்டு 644, நடுவில் ஒரு நொடிகூட ரிஸ்க் இல்லை. மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் நீங்கள், அதனால் இதற்கு சாண்ட்விச் என்று பெயர். அந்த 104-லிருந்து, செயினில் பதிவதற்குக் கட்டும் கேஸ் கட்டணமும், வரிசையில் இடம் பிடிக்கக் கொடுத்த தொகையும் போயிருக்கும், எல்லாம் அவர் கையில் நின்றிருக்காது. ஆனால் உங்கள் கணக்கில் அது 450 டோக்கன் நஷ்டம்.

இது நடந்ததா என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வந்த எண்ணிக்கையை உங்கள் குறைந்தபட்ச எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு வந்தது 8,616, குறைந்தபட்சம் 8,612. நான்கு டோக்கன் வித்தியாசம். இப்படி எல்லைக்கோட்டை ஒட்டி வந்து நின்றால் பெரும்பாலும் யாரோ அளந்து செய்திருக்கிறார்கள். அப்புறம் எத்தேரியத்தில் நடப்பதையெல்லாம் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தப் பூலின் முகவரிக்குப் போய், அதே பிளாக் எண்ணில் உங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே முகவரி வாங்கி விற்றிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தவிர்க்க, ஸ்லிப்பேஜை 0.5% என்று வையுங்கள். விலை இடையில் நகர்ந்துவிட்டால் டிரான்ஸாக்ஷன் தோற்றுப்போகும், கேஸ் கட்டணம் மட்டும் வீணாகும், அது 450 டோக்கனைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, பொது வரிசையில் நிற்காமல் அனுப்பும் வழிகள் உண்டு, ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் அதில் ஒன்று, வாலட்டின் நெட்வொர்க் அமைப்பில் ஒரு முகவரியைச் சேர்த்தால் போதும். "5% வைக்காவிட்டால் வாங்கவே முடியாது" என்று ஒரு டோக்கனின் குரூப்பில் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அந்த டோக்கன் கான்ட்ராக்டிலேயே ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் ஒரு பிடித்தம் வைத்திருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இனி லாபம் என்று நீங்கள் நினைப்பது. வாலட் செய்வது ரொம்ப எளிமையான வேலை: உங்களிடம் இருக்கும் டோக்கனை பூலின் இப்போதைய விலையால் பெருக்குகிறது. நீங்களும் அந்த பாட்டும் முடித்த பிறகு பெட்டியில் இருப்பது 21,895 யுஎஸ்டிசி, 91,383 டோக்கன். விலை 23.96 சென்ட். 8,616-ஐ அதால் பெருக்கினால் 2,064. உங்களுக்குப் பிறகு அந்தப் பூலில் ஒருவர்கூட வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை, நான் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. அப்படியானால் விலையை ஏற்றியது யார்? நீங்கள்தான். நீங்கள் விற்கப் போகும்போது அதே வழியாக விலை இறங்கும். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், 8,616 டோக்கனையும் இன்றைக்கே விற்றால் கையில் வருவது 1,881 யுஎஸ்டிசி. வாலட் காட்டுவதைவிட 183 குறைவு, போட்ட முதலைவிட 119 குறைவு. அதுவும் சாண்ட்விச்சில் மறுபடி மாட்டாமல் விற்றால்.

கடைசியாக உங்கள் நண்பர் சொன்ன யோசனை. பூலில் போடுவது என்றால் டோக்கனை மட்டும் போட முடியாது, அதே மதிப்புக்கு யுஎஸ்டிசியும் சேர்த்துப் போட வேண்டும். அதாவது 8,616 டோக்கனும், புதிதாக 2,064 யுஎஸ்டிசியும். உங்கள் பங்கு பூலில் சுமார் 8.6% ஆகும், அந்தப் பங்குக்கு அடையாளமாக ஒரு எல்பி டோக்கன் கொடுப்பார்கள். யார் வாங்கினாலும் விற்றாலும் அந்த 0.3% பெட்டியிலேயே தங்கி, உங்கள் 8.6%-ம் அதற்கேற்பக் கூடும். இதுவரை நண்பர் சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்டது இது. பூலில் காசு போட்டவர் எப்போதும் ஏறுகிற சரக்கை விற்று, இறங்குகிற சரக்கை வாங்கிக்கொண்டே இருப்பார், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். டோக்கன் விலை கால் பங்காக, அதாவது 6 சென்ட்டாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மற்றவர்கள் டோக்கனைக் கொட்டி யுஎஸ்டிசியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சூத்திரப்படி உங்கள் பங்கில் யுஎஸ்டிசி பாதியாகி 1,032 இருக்கும், டோக்கன் இரட்டிப்பாகி 17,232 இருக்கும், அதன் மதிப்பும் 1,032. மொத்தம் 2,064. பூலில் போடாமல் இரண்டையும் சும்மா கையில் வைத்திருந்தால் 2,064 யுஎஸ்டிசியும் 516 டாலர் பெறும் டோக்கனும், ஆக 2,580 இருந்திருக்கும். 516 குறைவு, சரியாக 20%. விலை நாலு மடங்கு ஏறினாலும் இதே 20% தான் குறையும், அப்போது லாபத்தில் குறையும், அவ்வளவுதான் வித்தியாசம். இதை இம்பெர்மனென்ட் லாஸ், தற்காலிக இழப்பு என்கிறார்கள். விலை பழைய இடத்துக்குத் திரும்பினால் இழப்பும் மறைந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். திரும்பாத டோக்கனில் தற்காலிகம் என்று ஒன்றும் கிடையாது, அந்தப் பெயரே பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கமிஷன் அதை ஈடுகட்டுமா? 516 யுஎஸ்டிசி உங்கள் 8.6% பங்குக்கு வர வேண்டுமென்றால் மொத்தப் பூலும் கிட்டத்தட்ட 6,000 யுஎஸ்டிசி கட்டணம் வசூலித்திருக்க வேண்டும். 0.3% கட்டணத்தில் அதற்கு 20 லட்சம் யுஎஸ்டிசிக்கு வியாபாரம் நடக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு ஒரு ஸ்வாப்கூட நடக்காத பூல் இது. பெரிய பூல்களில், குறிப்பாக யுஎஸ்டிசிக்கு இன்னொரு டாலர் நாணயம் என்பது போல விலை அதிகம் நகராத ஜோடிகளில், நாள்தோறும் வியாபாரம் நடக்கும் இடங்களில், கட்டணம் இழப்பைத் தாண்டி நிற்க வாய்ப்பு உண்டு. 2021-ல் வந்த வி3-ல் விலையின் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் காசை வைக்கலாம், கட்டணம் கூடுதலாக வரும், ஆனால் எல்லையைத் தாண்டினால் கையில் இறங்கிய சரக்கு மட்டும் மிஞ்சும், அதை அன்றாடம் பார்த்துக்கொள்ள நேரம் இருப்பவர்களுக்குத்தான் அது.

ஆகவே போட வேண்டாம். 2,064 புதுப் பணத்தை இதில் இறக்கவே வேண்டாம்.

கையில் இருப்பதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள், இன்றைக்கே. ஈதர்ஸ்கேனில் அந்தப் பூல் கான்ட்ராக்டின் முகவரியைத் திறந்து, அதன் டோக்கன் பக்கத்துக்குப் போய், `Holders` பகுதியில் எல்பி டோக்கன் யார் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பல முகவரிகளில் பரவியிருந்தால், அல்லது பூட்டி வைக்கும் கான்ட்ராக்ட் ஒன்றில் இன்னும் பல மாதங்களுக்குப் பூட்டியிருந்தால், நிதானமாக யோசிக்கலாம். பெரும்பங்கு ஒரே சாதாரண வாலட்டில் இருந்தால், அந்த ஆள் நினைத்த நேரத்தில் ஒரே டிரான்ஸாக்ஷனில் தன் பங்கு யுஎஸ்டிசியை எடுத்துக்கொண்டு போகலாம், அதில் உங்கள் 2,000-மும் இருக்கும். அதன் பிறகும் திரையில் விலை 23.96 சென்ட் என்றே காட்டலாம், ஏனென்றால் எடுக்கும்போது இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறையும், விற்கப் போனால்தான் பெட்டி காலி என்று தெரியும். அப்படி ஒரே வாலட்டில் இருப்பதைப் பார்த்தீர்களென்றால், என் கருத்து, 1,881 வந்தாலும் பரவாயில்லை, ஸ்லிப்பேஜை 0.5%-க்கு இறக்கிவிட்டு, தனி வரிசை வழியாக அனுப்பி, விற்றுவிட்டு வெளியே வாருங்கள்.